கசர் நோட்டு

பொத்தான்கடை எட்டடிக்குப் பத்தடி. அதற்குள் நானூறு தினுசுப் பொத்தான், அறுபது நிறத்தில் நூல்கண்டு, ஜிப்பு, எலாஸ்டிக், கொக்கி, ஊசி, ஒரு மின்விசிறி, ஒரு ஸ்டூல், அதன்மேல் கடைக்காரர். இத்தனைக்கும் இடம் இருந்தது. அவருடைய கணக்குத் திறமைக்குத்தான் இடம் போதவில்லை. அது அடிக்கடி வாசலுக்கு வழிந்து, ஊக்கு வாங்க வந்தவர்கள் மேலெல்லாம் பட்டுக்கொண்டிருந்தது.

"வியாபாரம் யார் வேணா பண்ணலாங்க. கணக்கு எழுதத் தெரியணும். அங்கதான் மனுஷன் நிக்கிறான்" என்பார், நாலு கொக்கிக்குச் சில்லறை தேடியபடி.

அவரிடம் மூன்று நோட்டுகள் இருந்தன. ஒன்று வரவு செலவு. இன்னொன்று தையல்காரர்கள் வைத்த கடன். மூன்றாவது, சிவப்பு ரெக்ஸின் அட்டை போட்டது, சீட்டில் வந்த கசரை மட்டும் எழுதுவதற்கு. மற்ற இரண்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு மேஜைமேல் கிடக்கும். மூன்றாவது பூட்டிய டிராயரில் இருக்கும். அதன் முதல் பக்கத்தில் 'லாபம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். ஒரு கோடு போதும்தான். ஆனால் லாபமாயிற்றே.

சீட்டு இதுதான். இருபது பேர், மாதம் பத்தாயிரம், இருபது மாதம். ஆக மொத்தம் இரண்டு லட்சம். முதல் மாதச் சீட்டு கம்பெனிக்கே; அதன் பிறகு மாதந்தோறும் பத்தாம் தேதி ஏலம். பணம் அவசரமாக வேண்டியவர், அந்த இரண்டு லட்சத்தில் எவ்வளவை விட்டுக்கொடுக்கத் தயார் என்று சொல்ல வேண்டும். அதற்குத் தள்ளு என்று பெயர். அதிகம் தள்ளியவருக்குச் சீட்டு. எண்பதாயிரத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்று விதி. இரண்டு மூன்று பேர் எண்பதில் வந்து முட்டிக்கொண்டால் குலுக்கல். தள்ளிய தொகையில் கம்பெனி தன் கமிஷன் பத்தாயிரத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இருபது பேருக்கும் சமமாகப் பிரிக்கும். அதுதான் கசர். அது கையில் வராது. அடுத்த மாதத் தவணையில் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினால் போதும்.

இதில் கடைசி இரண்டு வாக்கியங்களைத் தவிர மற்ற எல்லாமே கடைக்காரருக்கு மனப்பாடம்.

அந்த இரண்டும் அவர் மண்டையில் இறங்காமல் போனதற்குக் காரணம் மச்சான். மனைவியின் அண்ணன். குடிநீர் அலுவலகத்தில் வேலை. தன்னை நிதி ஆலோசகர் என்று சொல்லிக்கொள்வார். சீட்டு சேர்ந்த புதிதில் ஒருநாள் கடைக்கு வந்து ஸ்டூலைப் பிடுங்கி உட்கார்ந்து, பாடம் எடுத்தார்.

"மாப்ளே, கசர் போக ஆறாயிரத்து ஐந்நூறு கட்டினேன்னு எழுதுறது சின்னப் பசங்க வேலை. முழு பத்தாயிரத்தையும் செலவுல காட்டணும். மூவாயிரத்து ஐந்நூறைத் தனியா வரவுல காட்டணும். அதுதான் முறை."

முறை என்ற வரைக்கும் தப்பில்லை. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதியிருந்தால் ஒன்றுக்கொன்று நேராகிப் போயிருக்கும். கடைக்காரர், செலவை எண்ணெய்ப் பிசுக்கு நோட்டிலும் வரவைச் சிவப்பு நோட்டிலும் எழுதினார். செலவு மற்ற செலவுகளோடு கலந்து மறைந்து, வரவு மட்டும் தனியாகக் கண்ணில் நின்றால் எந்த மனிதனும் சந்தோஷமாகத்தான் இருப்பான். இரண்டாம் மாத ஏலத்தில் மூவாயிரத்து ஐந்நூறு, மூன்றில் அதே, நான்கில் அதே. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, பன்னிரண்டாம் மாதம் இரண்டாயிரம். கூட்டிப் பார்த்தால் முப்பதாயிரத்து எண்ணூறு. அந்தக் கூட்டலை வாரம் ஒருமுறை கூட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் அதே விடை வருவது அவருக்கு ஆச்சரியமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அதை ஏற்றுவதற்குப் பாடும் பட்டார். ஏலத்தன்று முன்வரிசையில் உட்காருவார். பணத்துக்காக வந்தவர் நாற்பது என்றால் இவர் நாற்பத்தைந்து என்பார். அவர் ஐம்பது என்றால் இவர் ஐம்பத்தைந்து. எதிராளியின் நெற்றி வேர்க்கும் அளவைப் பார்த்து, சரியான இடத்தில், "இதுக்கு மேல நான் வரலைங்க" என்று கையைக் கட்டிக்கொள்வார். அவருக்குச் சீட்டு வேண்டியதில்லை. தள்ளு ஏறினால் கசர் ஏறும், அவ்வளவுதான். மேனேஜரே ஒருமுறை அவரைத் தட்டிக்கொடுத்து, "நீங்க இருந்தாதான் ஏலம் களைகட்டுது" என்றார். கடைக்காரர் அன்று வீட்டுக்கு இரண்டு அங்குலம் உயரமாகப் போனார்.

பதின்மூன்றாம் மாதம் பிறந்ததும் கட்டடத்துக்காரர் வந்தார். அவருக்கு மொத்தம் ஆறு கடை. ஒப்பந்தம் முடிகிற கடைக்கெல்லாம் புது முன்பணம்; இப்போது பொத்தான்கடையின் முறை. கடைக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம், இருபதாம் தேதிக்குள்.

"இல்லாட்டி?"

"இல்லாட்டி என்ன, பக்கத்து செல்போன் கவர் கடைக்காரன் சுவத்தை உடைச்சுப் பெரிசா பண்ணிக்கிறேங்கிறான். ரெடியா பணம் வச்சிருக்கான். பத்தொன்பது வருஷமா இருக்கீங்களேன்னுதான் உங்ககிட்ட முதல்ல கேக்குறேன்."

வேறு யாராக இருந்தாலும் முகம் செத்திருக்கும். வீட்டில் அடகு வைக்கக்கூடியதெல்லாம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஏற்கெனவே அடகில் இருந்தது. ஆனால் கடைக்காரர் டிராயரைத் திறந்து சிவப்பு நோட்டை எடுத்தார். ஏலத்தில் அறுபது வரை தள்ளினாலும் கைக்கு ஒரு லட்சத்து நாற்பது வரும். கசர் முப்பதாயிரத்து எண்ணூறு. ஆக, ஒரு லட்சத்து எழுபதாயிரத்து எண்ணூறு.

"எண்ணூறு மிச்சமே இருக்குங்க" என்றார். "இருபதாம் தேதி காலையில வாங்க. எண்ணி வாங்கிக்கலாம்."

கட்டடத்துக்காரர் போன பிறகு, அந்த எண்ணூறை என்ன செய்வது என்று சாயங்காலம்வரை யோசித்தார்.

எட்டாம் தேதி, பதின்மூன்றாம் தவணை கட்டச் சீட்டு அலுவலகத்துக்குப் போனார். கவுன்டரில் கண்ணாடி போட்ட அம்மாள். பதினாறு வருடமாக அதே நாற்காலி. எந்தச் செய்திக்கும் முகம் மாறாதவர்.

"எட்டாயிரம்" என்றார் அம்மாள். கொடுத்தார். ரசீது வந்தது. கடைக்காரர் நகரவில்லை.

"இந்த மாசம் நான் எடுக்கலாம்னு இருக்கேன்மா. அதோட சேத்து, என் கசர் மொத்தத்தையும் ஒரேயடியா எடுத்துக்கறேன். ரெண்டும் தனித்தனி செக்கா கொடுத்தாலும் சரி."

"எந்தக் கசர்?"

"பன்னெண்டு மாசமா சேர்ந்திருக்கே. முப்பதாயிரத்து எண்ணூறு. கணக்கு வச்சிருக்கேன்."

அம்மாள் அவருடைய பாஸ்புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, பேனாவின் மூடியால் தட்டினார். "இது என்ன?"

"தவணை, பத்தாயிரம்."

"இது?"

"கசர், ரெண்டாயிரம்."

"இப்ப எவ்வளவு கொடுத்தீங்க?"

"எட்டாயி..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"மாசாமாசம் வாங்கிட்டுதானே இருக்கீங்க சார். ஒரே பழத்தை எத்தனை தடவை தின்பீங்க?" அம்மாள் அவரைத் தாண்டிப் பார்த்தார். "அடுத்தவங்க வாங்க."

கீழே வந்து படியில் உட்கார்ந்தார். முப்பதாயிரத்து எண்ணூறு எங்கேயும் ஓடிப் போகவில்லை. ஒவ்வொரு மாதமும் தவணை குறைந்தபோது கல்லாவில் மிஞ்சி, ஜிப்பாகவும் நூல்கண்டாகவும் மாறி, விற்று, அரிசியாகவும் மின்கட்டணமாகவும் ஆகியிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் வேதனை, ஏமாற்றியிருந்தால் சண்டையாவது போடலாம்.

இப்போதைய கணக்கு எளிது. சிவப்பு நோட்டே தேவையில்லை. ஒரு லட்சத்து எழுபது வேண்டும். அப்படியானால் முப்பதாயிரத்துக்கு மேல் தள்ள முடியாது. போன இரண்டு மாதமும் ஐம்பதாயிரத்தில்தான் முடிந்தது. அதை ஐம்பதுக்கு ஏற்றிவிட்டது யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

மனைவி செய்தியைக் கேட்டுச் சத்தம் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணன் சொன்ன மாதிரிதானே எழுதினீங்க?"

"ஆமா."

"அவர் வீட்டுக் கணக்கை அண்ணிதான் எழுதறாங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"பக்கத்துக் கடை அக்காகிட்ட கேட்டுப் பாருங்க. ஒரு இருபதாயிரம் இருந்தா ஐம்பது வரைக்கும் போகலாம்ல."

பொத்தான்கடைக்கு மறுபக்கத்தில் இருப்பது சலவைக்கடை. அதை நடத்தும் பெண்மணியைத் தெருவே அக்கா என்று கூப்பிடும். அவரைவிட இரண்டு வயது மூத்த கடைக்காரர் உட்பட. இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே இஸ்திரியில் பொத்தான் உடைந்தால், இங்கே அதே மாதிரிப் பொத்தான் கிடைக்கும். சட்டைக்குச் சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது. இப்படிப் பத்தொன்பது வருடமாக இரண்டு கடையும் ஒன்றின் தவற்றில் இன்னொன்று பிழைத்துக்கொண்டிருந்தன.

அக்கா நீராவி இஸ்திரி இயந்திரத்தில் ஒரு வேட்டியை வைத்து மூடிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சிவப்பு நோட்டைக் கக்கத்தில் வைத்தபடி சுற்றிவளைத்து, கடைசியில் இருபதாயிரத்துக்கு வந்தார்.

அக்கா சிரித்தார். "கையில இருபதாயிரம் இருந்தா நம்ம சீட்டுல ஆறாவது மாசம் நான் ஏன் அண்ணே எழுபது தள்ளினேன்?"

கடைக்காரர் ஒரு காலை வாசல் பக்கம் வைத்தார்.

"நாப்பதுல முடிஞ்சிருக்க வேண்டியது. வேற யாரும் வாய் திறக்கல. நீங்கதான் அறுபத்தஞ்சு வரைக்கும் கூட வந்தீங்க."

"எனக்கும் அப்ப ஒரு தேவை..." என்று தொடங்கினார். இயந்திரம் புஸ்ஸென்று ஆவி விட்டது. ஆவி அடங்கும்வரை அக்கா அவர் முகத்தையே பார்த்தார். "இல்லக்கா. தேவையெல்லாம் இல்ல. கசர் ஏறட்டும்னுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மேல போனீங்க?"

"இப்பத் தெரியும். அன்னைக்கு எப்படித் தெரியும்? நீங்க நிஜமாவே எடுத்துட்டா என் மெஷின் போச்சே. ரெண்டு மெஷின் பேசி வச்சிருந்தேன், தேய்க்கறதுக்கு ஒண்ணு, காயவைக்கறதுக்கு ஒண்ணு. எழுபது தள்ளினதுல இது மட்டும்தான் வந்துச்சு. மழைக்காலத்துல இன்னும் மாடியிலதான் ஓடிட்டு இருக்கேன்." வேட்டியை மடித்தார். "எங்க, அந்த நோட்டைக் கொடுங்க. தடுப்புக்கு இந்தப் பக்கம் உங்க நோட்டுப் புராணத்தை ஒரு வருஷமா கேட்டுட்டிருக்கேன். பாத்ததே இல்ல."

கடைக்காரர் தயங்கிக் கொடுத்தார். அக்கா பக்கத்தைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். ஆறாம் மாதம். லாபம் மூவாயிரம். பக்கத்தில், சிவப்பு மையில்: சபாஷ்.

"சபாஷ் யாருக்கு?" என்றார் அக்கா. "உங்களுக்கா, எனக்கா?"

அவர் தரையைப் பார்த்தார். தரையில் இரண்டு உடைந்த பொத்தான் கிடந்தது. நாலு துளை, வெள்ளை, பதினாறாம் நம்பர். அந்த நேரத்திலும் நம்பர் தெரிந்தது.

"மன்னிச்சிரு தாயி" என்றார். அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாயில் அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் மன்னிச்சு என்ன ஆகப்போகுது. பத்தாம் தேதி பெயிண்ட்காரர் மன்னிக்கணும்." நோட்டை மூடிக் கொடுத்தார். "பணம் இல்லண்ணே. போங்க, வேலை இருக்கு."

பெயிண்ட்காரர் அந்தச் சீட்டில் இன்னொரு ஏற்றிவிடும் மனிதர். பெயிண்ட் கடை நன்றாக ஓடுகிறது. சீட்டைக் கடைசி மாதம்வரை எடுக்காமல் இருந்து முழுசாக ஒரு லட்சத்துத் தொண்ணூறு வாங்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். இடைப்பட்ட மாதங்களில் பொழுதுபோக வேண்டாமா? கடைக்காரரிடமிருந்துதான் அந்தக் கலையைக் கற்றார்.

பத்தாம் தேதி மாலை நான்கு மணி. மருந்துக்கடைக்கு மேலே சீட்டு அலுவலகத்தின் கூடம். குளிர்சாதனப் பெட்டி உண்டு, ஓடாது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினோரு பேர். மேனேஜர் கோட்டுப் போட்டு வந்து மைக்கைத் தட்டினார். மைக் இல்லாமலேயே பின்சுவர்வரை கேட்கும்.

"அன்பார்ந்த சந்தாதாரப் பெருமக்களே! நமது குடும்பத்தின் பதின்மூன்றாவது..."

"சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் பின்வரிசையில் அச்சகக்காரர்.

"...ஏலத்துக்கு வரவேற்கிறேன்" என்று மேனேஜர் குடும்பத்தைச் சுருக்கிக்கொண்டார். "கமிஷன் பத்தாயிரம். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்."

ஏற்கெனவே எடுத்தவர்கள் வாய் திறக்க முடியாது. வேடிக்கை பார்க்கலாம், கசர் ஏறுவதை ரசிக்கலாம். அக்கா அந்தக் கூட்டத்தில், மூன்றாம் வரிசையில், கையில் காய்கறிப் பையோடு இருந்தார். எடுக்காதவர்கள் எட்டுப் பேர். அதில் வந்திருந்தது ஐந்து.

"பதினஞ்சு" என்றார் கடைக்காரர். குரல் கீச்சென்றது.

"இருபது" என்றார் பெயிண்ட்காரர், காலை ஆட்டிக்கொண்டே.

கடைக்காரர் எழுந்து நின்றார். பழக்கமில்லாத காரியம்; அவர் எப்போதும் உட்கார்ந்தே தள்ளுபவர்.

"முப்பது. இதுக்கு மேல என்னால முடியாது. முப்பதுக்கு மேல போனா சீட்டு எனக்கு உதவாது, விட்டுடுவேன். மேல சொல்றவங்க அவங்களே எடுத்துக்கணும்."

கூடம் சிரித்தது. மேனேஜர்கூடச் சிரித்தார்.

"பன்னெண்டு மாசமா இதே வசனம்தானே!" என்றார் பெயிண்ட்காரர். "இன்னைக்கு நின்னுகிட்டுச் சொல்றீங்க, அதான் புதுசு. உங்களை எனக்குத் தெரியாதா? அறுபது வரைக்கும் வருவீங்க."

கடைக்காரர் தன்னிடம் இருந்த ஒரே உண்மையை, பன்னிரண்டு மாதம் பொய்யாகச் சொல்லித் தேய்த்திருந்தார். தன் நெற்றி வேர்ப்பதையும், பெயிண்ட்காரர் அதை அளப்பதையும் உணர்ந்தார். அந்த அளவு அவருக்கு நன்றாகத் தெரிந்த அளவு.

"முப்பத்..." என்று பெயிண்ட்காரர் இழுத்தார்.

"அவர் சொல்றது நிஜம்."

அக்கா. எழுந்திருக்கவில்லை. காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எடுத்தவங்க ஏலத்துல பேசக் கூடாதும்மா" என்றார் மேனேஜர்.

"நான் தள்ளு கேக்கல சார். பக்கத்துக் கடைக்காரரைப் பத்திச் சொல்றேன். அதுக்கு விதி இருக்கா?" மேனேஜர் விதிப் புத்தகத்தைப் பார்க்கும் பாவனையில் மேஜையைப் பார்த்தார். அக்கா பெயிண்ட்காரர் பக்கம் திரும்பினார். "ஆறாவது மாசம் இவர் என்னை எழுபது வரைக்கும் ஓடவிட்டார். அன்னைக்கு இவர் சொன்னது முழுப் பொய். அது எனக்கு முப்பதாயிரம் நஷ்டம். அந்த நானே சொல்றேன், இன்னைக்கு இவர்கிட்ட முப்பதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இவர் நோட்டையே பாத்தேன். முப்பத்தஞ்சுன்னு சொல்லுங்க, சீட்டு உங்களுக்குத்தான். ஏழு மாசம் பொறுத்தா மிச்சமாகுற இருபத்தஞ்சாயிரம் போகும். ரெண்டு ஜாமீனுக்கும் ஆள் தேடணும். பாத்துக்குங்க தம்பி."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

பெயிண்ட்காரர் கடைக்காரரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கடைக்காரர் பொய் சொல்லக்கூடும். ஆனால் அவரால் நஷ்டப்பட்ட ஒருத்தி, கசர் ஏறினால் லாபம் பார்க்கக்கூடிய ஒருத்தி, எதற்காக அவருக்குப் பொய்ச்சாட்சி சொல்ல வேண்டும்? பெயிண்ட்காரர் கெட்டிக்காரர், இந்தக் கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. இருமினார். செல்போனை எடுத்து, வராத அழைப்பைக் காதில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் பின்வரிசையைப் பார்த்தார். அச்சகக்காரர் தலையை ஆட்டினார். "எனக்கு அடுத்த மாசம் போதும் சார். முடிங்க."

"முப்பது ஒரு தரம்" என்றார் மேனேஜர். இரண்டாம் தரத்துக்கு முன் தண்ணீர் குடித்தார். அந்த மனிதர் ஒரு வாய்த் தண்ணீரை அவ்வளவு நிதானமாகக் குடித்ததைக் கடைக்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை. "இரண்டு தரம். மூன்று தரம்."

கடைக்காரர் உட்கார்ந்தார்.

படியிறங்கும்போது அக்காவைப் பிடித்தார். நன்றி என்ற சொல்லை அவர் ரசீதின் அடியில்தான் எழுதிப் பழகியிருந்தார். வாயால் சொல்ல வரவில்லை.

"அக்கா, உங்களுக்கு இதுல கசர் ஆயிரம்தானே வரும். அவர் ஏத்தியிருந்தா..."

"ஏத்தியிருந்தா நீங்க கடையைக் காலி பண்ணுவீங்க. அந்த செல்போன் கவர்க்காரன் சுவத்தை உடைச்சுட்டு வந்து நாள் முழுக்க பாட்டு போடுவான். என்னால கேக்க முடியாது." காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டார். "உடைஞ்ச பொத்தானுக்கு நான் எங்க போறது? ஆளைப் பாருங்க, அழுதுட்டு நிக்கிறாரு. வழியை விடுங்க, ஆள் வர்றாங்க."

ஆனாலும் சீட்டு விழுந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. மீதி ஏழு தவணையைக் கட்டுவார் என்று இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் சம்பளக்காரராக இருக்க வேண்டும். கடை வைத்திருப்பவராக அக்கா போட்டார். சம்பளக்காரராக மச்சான் வந்தார். கவுன்டரில் நின்று, சீட்டு முறையின் பொருளாதார அடிப்படை பற்றிக் கண்ணாடி அம்மாளுக்கு ஐந்து நிமிடம் விளக்கினார். அம்மாள் கேட்டுக்கொண்டார், முகம் மாறவில்லை. பிறகு சம்பளச் சான்றிதழை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி, படிவத்தில் எழுதுவதற்காக வாசித்தார்: "பதவி, பில் பதிவு எழுத்தர், இரண்டாம் நிலை."

மச்சான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

கடைக்காரர் வேறு நாளாக இருந்தால் அதை ஒரு மாதம் வைத்து ரசித்திருப்பார். அன்று ரசிக்கத் தோன்றவில்லை. தப்பான பாடம் சொன்ன மனிதர், சான்றிதழுக்காக இரண்டு நாள் அலைந்து, தன் பதவி நாலு பேர் முன்னால் தெரிய வரும் என்று தெரிந்தும் வந்து, தன் சம்பளத்தைப் பணயம் வைத்துக் கையெழுத்துப் போடுகிறார். பேனாவை அழுத்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும்.

"ரொம்ப நன்றி மச்சான்" என்றார். இந்த முறை வாயால் வந்தது.

"ஜாமீன்னா மாப்ளே, சட்டப்படி பாத்தா அது என்னன்னா..."

"வாங்க மச்சான், டீ சாப்பிடுவோம்."

பதினேழாம் தேதி செக் வந்தது. ஒரு லட்சத்து எழுபதாயிரம். இருபதாம் தேதி காலை கட்டடத்துக்காரர் எண்ணினார், இரண்டு முறை. பிறகு கேட்டார்: "ஏதோ எண்ணூறு மிச்சம்னு சொன்னீங்களே?"

"அது கணக்குல தப்பு" என்றார் கடைக்காரர். பத்தொன்பது வருடத்தில் அந்த வாக்கியத்தை அந்தக் கடைக்குள் யாரும் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் சிவப்பு நோட்டைத் திறந்து 'லாபம்' என்ற சொல்லை இரண்டு கோட்டோடு சேர்த்து அடித்தார். புதிதாக நான்கு கட்டம் போட்டார்: தவணை, கசர், கட்டியது, தள்ளியவர். முதலிலிருந்து நிரப்பினார். முதல் மாதம் கம்பெனியே எடுத்துக்கொண்ட சீட்டு, கசர் இல்லை. இரண்டாம் மாதம் பத்தாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு, ஆறாயிரத்து ஐந்நூறு. நான்காவது கட்டத்தில் பெயர். அந்தக் கசர் போய்க் கழிந்தது மூன்றாம் மாதத் தவணையில் என்று வரிசையைக் கலைத்து மறுபடி எழுதினார். இரண்டாம் மாதம், மனைவிக்கு அறுவைச் சிகிச்சை என்று எடுத்த சைக்கிள் கடைக்காரர். நான்காம் மாதம் மகனை வெளியூர் அனுப்பிய டைலர். பொத்தான்கடையிலேயே நூல் வாங்குபவர். ஆறாம் மாதத்துக்கு நேரே சபாஷை அடித்துவிட்டு, சலவைக்கடை என்று எழுதினார். பதினோரு பேருடைய அவசரத்தில் தன் வீட்டுக்கு அரிசி வந்திருப்பதை, அவர் அப்போதுதான் கட்டம் போட்டுப் பார்த்தார். பதின்மூன்றுக்கு நேரே தள்ளியவர் என்ற இடத்தில் 'நான்' என்று எழுதினார். கசர் ஆயிரம். தானே விட்டுக்கொடுத்ததில் தனக்கே ஒரு பங்கு.

அடுத்த மாதம் பத்தாம் தேதி ஏலத்துக்கு அவர் போக வேண்டிய கட்டாயமில்லை. தவணை ஒன்பதாயிரத்தைக் காலையிலேயே கட்டிவிட்டார். இருந்தும் போனார். வாசலில் அச்சகக்காரர் நின்றிருந்தார், கையில் துண்டுச் சீட்டில் ஏதோ கூட்டிக்கொண்டு.

"எவ்வளவு வரைக்கும் போகலாம்னு இருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

அச்சகக்காரர் சீட்டை மறைத்தார். நியாயமான பயம். கேட்பவர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

"என்கிட்ட சொல்ல வேணாம். உள்ள போனதும் எல்லார் முன்னாடியும் உங்க எல்லையைச் சொல்லிடுங்க. அதுக்கு மேல விட்டுடுங்க, நிஜமாவே விட்டுடுங்க. ஏத்தறவங்களுக்குச் சீட்டு வேண்டாம், உங்க பயம்தான் வேணும். நான் அந்த வேலை பாத்தவன், சொல்றேன்."

அச்சகக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய், மேனேஜர் குடும்பத்தைக் கூப்பிட்டு முடித்ததும், "இருபத்தாறு, அதோட நான் நிறுத்திக்கிறேன்" என்றார். பெயிண்ட்காரர் முன்வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்தார், கடைக்காரரை. கடைக்காரர் தலையை மட்டும் அசைத்தார்: நிஜம்தான். பெயிண்ட்காரர் அலுத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். சீட்டு இருபத்தாறிலேயே அச்சகக்காரருக்கு முடிந்தது.

வீட்டில் மனைவி நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"என்னங்க இது, எண்ணூறுதான் கழிஞ்சிருக்கா? அடுத்த தவணை ஒன்பதாயிரத்து இருநூறா கட்டணும்?"

"ஆமா" என்றார் கடைக்காரர், சட்டையைக் கழற்றிக்கொண்டே. "நல்லவேளை, எண்ணூறுதான்."